குரூப் தேர்வுக்குப் படித்த மூன்று ஆண்டை நேர்காணலில் எப்படிச் சொல்வது?

கேள்வி: "2021-ல பி.காம் முடிச்சேன். அதுல இருந்து டிஎன்பிஎஸ்சி குரூப் 2, குரூப் 4-க்குப் படிச்சேன். 2022 குரூப் 2-ல பிரிலிம்ஸ் பாஸ், மெயின்ஸ்ல வரல. குரூப் 4 ரெண்டு தடவை எழுதினேன், கிடைக்கல. 2024 ஜூன் குரூப் 4-ஓட நிறுத்திட்டேன். அப்புறம் ஒரு ஜவுளிக்கடைல அஞ்சு மாசம் பில்லிங்ல இருந்தேன், பிஎஃப் பிடிச்சாங்க. இப்ப 2025 ஜனவரில கோயம்புத்தூர்ல அக்கவுண்ட்ஸ் வேலைக்கு அப்ளை பண்றேன். இந்த கேப்பை எப்படிச் சொல்றது? கடை வேலையைச் சொல்லணுமா? எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெடி பண்ணித் தர்றோம்னு ஒருத்தர் சொல்றார், வாங்கலாமா?"

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இந்த இடைவெளியில் மூன்று சந்தேகங்கள்தான் இருக்கும். நீங்கள் சொல்வது உங்கள் காகிதங்களோடு ஒத்துப்போகிறதா? நாளைக்கே ஒரு ரிசல்ட் வந்தால் போய்விடுவீர்களா? பி.காம் பாடம் மறந்து போயிருக்குமே, வேலை செய்ய வருமா? நீங்கள் எழுதுவதும் பேசுவதும் இந்த மூன்றுக்கும் பதிலாக இருந்தால் போதும். "கஷ்டப்பட்டுப் படிச்சேன் சார், ஒரு மார்க்ல போச்சு" என்பது இதில் எதற்கும் பதில் இல்லை. அதே வாக்கியத்தை அவர் பலரிடம் கேட்டிருப்பார்.

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் மாதவாரியாகக் கணக்கு எழுதுங்கள். "மூணு வருஷம் படிச்சேன்" என்று மொத்தமாகச் சொன்னால் மூன்று வருஷமும் சும்மா இருந்ததுபோலக் கேட்கும். மாதவாரியாகப் பார்த்தால் அந்தக் காலத்தின் பெரும்பகுதி தேர்வு நடைமுறையே எடுத்துக்கொண்டது என்பது தெரியும். உங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கு இப்படி வரும்.

கணக்கைப் பட்டமளிப்பு விழாத் தேதியிலிருந்து தொடங்காதீர்கள். கடைசி செமஸ்டர் மதிப்பெண் பட்டியலில் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். நிறுவனம் சரிபார்ப்பது அதைத்தான். அரியர் இருந்து பிறகு முடித்திருந்தால், முடித்த மாதத்தையே எழுத வேண்டும்.

2021-ன் இரண்டாம் பாதியில் எழுத குரூப் 2-வும் இல்லை, குரூப் 4-ம் இல்லை. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4-க்குப் பிறகு, கொரோனா காரணமாக 2020, 2021 இரண்டு ஆண்டிலும் அந்தத் தேர்வு நடக்கவில்லை. ஆகவே அந்த மாதங்கள் சுத்தமாகத் தயாரிப்புக் காலம். அப்படியே சொல்லலாம்.

குரூப் 2 அறிவிப்பு 2022 பிப்ரவரி 23-ல் வந்தது. முதல்நிலைத் தேர்வு மே 21, அதன் முடிவு நவம்பர் 8. முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி 25. அதன் முடிவு வரத் தொடங்கியது 2024 ஜனவரியில். அறிவிப்பிலிருந்து முடிவு வரை ஏறக்குறைய 23 மாதங்கள். உங்கள் இடைவெளியில் பாதிக்கு மேல் இந்த ஒரே தேர்வுக்குள் அடங்கிவிடுகிறது. இதற்கு நடுவில் 2022 ஜூலை 24-ல் குரூப் 4, அதன் முடிவு எட்டு மாதம் கழித்து 2023 மார்ச்சில். அடுத்த குரூப் 4 அறிவிப்பு 2024 ஜனவரி 30, தேர்வு ஜூன் 9, முடிவு அக்டோபர் 28.

இந்தத் தேதிகளை நேர்காணலில் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மனதில் இருக்க வேண்டும். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் மேலாளர் வீட்டில் யாராவது ஒருவர் குரூப் தேர்வு எழுதியிருப்பார், அவருக்கு விவரம் தெரியும். பெங்களூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ இணையவழியில் பேசும் மனிதவள அதிகாரிக்கு "குரூப் டூ" என்றால் எதுவும் புரியாது. அவரிடம் "தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வு, இரண்டு கட்டம், முதல் கட்டம் தேர்ச்சி" என்று சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கில் பலவீனமான இடம் ஒன்று இருக்கிறது. அது 2023 மார்ச் முதல் 2024 ஜனவரி வரையிலான காலம். மெயின்ஸ் எழுதியாயிற்று, குரூப் 4 முடிவும் வந்துவிட்டது, இந்த இரண்டு தேர்வுக்கும் புதிய அறிவிப்பு எதுவும் இல்லை. விவரம் தெரிந்தவர் சரியாக இங்கேதான் கை வைப்பார்: "மெயின்ஸ் எழுதிட்டு பத்து மாசம் என்ன பண்ணீங்க?" இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்து வைக்காமல் போகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். முந்தைய பகுதிக்கெல்லாம் நன்றாகப் பதில் சொல்லிவிட்டு இங்கே விழிப்பார்கள்.

உண்மையில் என்ன செய்தீர்களோ அதைச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்திருந்தால் எத்தனை பேர், எந்த வகுப்பு என்று சொல்லுங்கள். வீட்டு விவசாயமோ அப்பாவின் கடையோ பார்த்திருந்தால் அதில் கணக்கு வழக்கு எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் உடம்பு முடியாமல் இருந்து நீங்கள் கூட இருந்திருந்தால், அதையும் ஒரே வரியில் சொல்லலாம். நோயின் பெயரோ குடும்ப விவரமோ தேவையில்லை. எதுவும் இல்லை, அடுத்த குரூப் 4-க்குத்தான் படித்தேன் என்றால் அதுவும் பதில்தான்: "மெயின்ஸ் முடிவு தெரியாம வேற எதுலயும் சேரத் தயக்கமா இருந்தது சார். அடுத்த குரூப் 4-க்குப் படிச்சிட்டிருந்தேன்." இது கௌரவமான பதில். இதற்குப் பதிலாக அந்தப் பத்து மாதத்துக்கு ஒரு கற்பனைக் கோர்ஸைக் கொண்டுவந்து வைத்தால், அடுத்த கேள்வி அந்தக் கோர்ஸில் என்ன படித்தீர்கள் என்பதாகத்தான் இருக்கும்.

இனி காகிதங்கள். சொல்லும் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு ஆதாரம் கையில் இருக்கட்டும். ஹால் டிக்கெட் போதும். டிஎன்பிஎஸ்சி முடிவுப் பக்கத்தில் பதிவெண் கொடுத்தால் மதிப்பெண்ணும் தரவரிசையும் தெரியும், அதை அச்செடுத்து வையுங்கள். முதல்நிலையில் தேர்ச்சி பெற்றதற்கு, முதன்மைத் தேர்வுக்கு வந்த ஹால் டிக்கெட்டே நல்ல சான்று. பழைய ஹால் டிக்கெட் இணையத்தில் எப்போதும் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். மின்னஞ்சலிலோ, பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரதியிலோ இப்போதே தேடி ஒரே பிடிஎஃப்-ஆகச் சேர்த்துவிடுங்கள். வங்கித் தேர்வும் எழுதியிருந்தால் இது இன்னும் அவசரம். ஐபிபிஎஸ் மதிப்பெண் அட்டை குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் தளத்தில் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். பயிற்சி மையத்தில் சேர்ந்திருந்தால் கட்டண ரசீதையும் இதோடு வைக்கலாம். சேராமல் வீட்டிலோ நூலகத்திலோ படித்திருந்தால் சான்றிதழ் தேடி அலைய வேண்டாம். நீங்கள் தேர்வு எழுதியதற்கு ஹால் டிக்கெட்டைவிடப் பெரிய சாட்சி இல்லை.

பயோடேட்டாவில் இந்தக் காலத்தை மறைக்கவும் வேண்டாம், "அனுபவம்" என்ற தலைப்பின் கீழ் போடவும் வேண்டாம். அனுபவத்தில் போட்டால் ஏமாற்றுவதுபோலத் தெரியும். படிப்புக்கும் திறன்களுக்கும் நடுவில் தனியாக இரண்டு வரி போதும். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், ஆனாலும் அளவும் உள்ளடக்கமும் இப்படி இருக்கட்டும்:

"ஜூன் 2021 – ஜூன் 2024: அரசுப் பணித் தேர்வுத் தயாரிப்பு. டிஎன்பிஎஸ்சி குரூப் 2 (2022) முதல்நிலைத் தேர்ச்சி, முதன்மைத் தேர்வு எழுதியது. குரூப் 4 (2022, 2024).
ஜூலை 2024 – நவம்பர் 2024: பில்லிங் உதவியாளர், ஜவுளி விற்பனை நிலையம், கோவை."

ஆண்டை மட்டும் போட்டு மாதத்தை விடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. "2021–2024" என்று எழுதினால் இடைவெளி குறைவாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் மாதம் கட்டாயம் கேட்பார்கள். பயோடேட்டாவில் ஒன்று, படிவத்தில் ஒன்று, வேலைவாய்ப்புத் தளத்தில் எப்போதோ போட்ட சுயவிவரத்தில் இன்னொன்று என்று இருந்தால், ஆள் எடுப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த முரண்தான். மூன்றிலும் ஒரே மாதம் இருக்கிறதா என்று அனுப்பும் முன் பாருங்கள்.

கடை வேலையைச் சொல்லுங்கள். சொல்லாமல் இருக்க வழியும் இல்லை. பிஎஃப் பிடித்தார்கள் என்றால் உங்கள் பெயரில் 12 இலக்க யுஏஎன் எண் உருவாகியிருக்கும். அதில் அந்த நிறுவனத்தின் பெயரும், சேர்ந்த தேதியும், விலகிய தேதியும் பதிவாகும். புதிய இடத்தில் சேரும்போது ஏற்கெனவே யுஏஎன் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னாலும் ஆதார் எண்ணைப் போட்டதும் பழைய எண் வந்துவிடும். ஜவுளிக்கடை பில்லிங் என்பதால் கூச்சப்பட எதுவும் இல்லை. அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகிறவருக்கு அது நேரடியாகப் பொருந்துகிற வேலை. ஐந்து மாதத்தில் ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்திருக்கும். மாலையில் பில் மொத்தமும், கல்லாவில் இருந்த பணமும், கார்டு, யுபிஐ வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்திருப்பீர்கள். ஜிஎஸ்டி போட்ட பில்லைத் தினமும் கையாண்டிருப்பீர்கள். இதில் நீங்கள் உண்மையில் செய்ததை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள்.

போவதற்கு முன் யுஏஎன் கணக்கில் நுழைந்து பணி வரலாறு பகுதியைப் பாருங்கள். விலகிய தேதி பதிவாகாமல் இருந்தால், நீங்கள் இன்னும் அங்கே வேலை செய்வதாகவே பதிவு காட்டும். சின்ன நிறுவனங்களில் இது அடிக்கடி விட்டுப்போகிறது. பழைய முதலாளியிடம் சொல்லிப் பதியச் செய்யலாம். அவர் செய்யாவிட்டால், அவர் கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே அந்தத் தளத்தில் விலகிய தேதியைப் பதிய வழி இருக்கிறது.

இப்போது அந்தப் போலி அனுபவக் கடிதம். "2022 முதல் 2024 வரை எங்கள் அலுவலகத்தில் கணக்கு உதவியாளர்" என்று ஒருவர் லெட்டர்பேடில் எழுதித் தருவார் என்று வைத்துக்கொள்வோம். சரிபார்ப்பவர் அந்த இரண்டு ஆண்டுக்கு பிஎஃப் பதிவு கேட்பார், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார். உங்கள் யுஏஎன் எண்ணே 2024 ஜூலையில்தான் உருவாகியிருக்கிறது. கடிதம் பொய் என்பதற்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. இதில் மோசமான விஷயம், சரிபார்ப்பு பல இடங்களில் வேலையில் சேர்ந்த பிறகுதான் நடக்கும். மூன்று மாதம் வேலை செய்த பிறகு பொய்த் தகவல் தந்ததற்காக நீக்கப்பட்டால், இடைவெளியைவிடச் சொல்வதற்குக் கடினமான ஒன்று உங்கள் வரலாற்றில் சேர்ந்துவிடும்.

நேர்காணலில் சொல்லும் பதில் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். என்ன செய்தேன், எந்த நிலை வரை போனேன், எப்போது நிறுத்தினேன், இப்போது என்ன தயார் என்ற வரிசை நன்றாக அமையும். உங்களுக்கு இப்படி வரும்:

"2021-ல பி.காம் முடிச்சதும் அரசுத் தேர்வுக்குப் படிச்சேன் சார். குரூப் 2-ல பிரிலிம்ஸ் பாஸ் பண்ணி மெயின்ஸ் எழுதினேன். அந்த ரிசல்ட் வரவே 2024 ஜனவரி ஆயிடுச்சு, அதுல வரல. ஜூன்ல குரூப் 4 எழுதினதோட முடிச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒரு ஜவுளிக்கடைல அஞ்சு மாசம் பில்லிங் பார்த்தேன். இப்ப டேலி பழகியிருக்கேன், பர்ச்சேஸ், சேல்ஸ் என்ட்ரி, பேங்க் ரெகன்சிலியேஷன் போடுவேன்."

அதோடு நிறுத்திவிடுங்கள். பேசி முடித்ததும் வரும் மௌனத்தை நிரப்புவதற்காக "ரொம்ப வருத்தம்தான் சார்" என்றோ, தேர்வாணையத்தைக் குறைசொல்லியோ எதையாவது சேர்ப்பதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். வினாத்தாள் சரியில்லை, முடிவு தாமதம், பணியிடம் குறைவு என்பதெல்லாம் நியாயமான குறைகளாகவே இருக்கலாம். அதைப் பேச அந்த அறை இடம் இல்லை.

அடுத்து கட்டாயம் வரும் கேள்வி: "மறுபடி நோட்டிஃபிகேஷன் வந்தா எழுதப் போயிடுவீங்களா?" இங்கே உங்களுக்கு ஒரு வலுவான சான்று இருக்கிறது, அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். 2024 ஜூன் 20-ல் அடுத்த குரூப் 2 அறிவிப்பு வந்து, செப்டம்பர் 14-ல் முதல்நிலைத் தேர்வு நடந்தது. முந்தைய முறை அதே முதல்நிலையைத் தாண்டியவர் நீங்கள், இந்த முறை எழுதவில்லை. "இனிமே எழுத மாட்டேன் சார்" என்ற உறுதிமொழியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "செப்டம்பர்ல குரூப் 2 வந்தது சார், நான் எழுதல, அப்ப கடைல வேலைல இருந்தேன்" என்பது நடந்த விஷயம். அதைச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலர் இன்னும் தேர்வை விடாமல் இருக்கலாம். அவர்கள் "விட்டுட்டேன்" என்று சொல்லக் கூடாது. கேட்டால், "ஞாயிற்றுக்கிழமை தேர்வு வந்தா எழுதுவேன் சார், படிக்கறதுக்குன்னு லீவு கேட்க மாட்டேன். ஒருவேளை கிடைச்சா நோட்டீஸ் பீரியடை முழுசா முடிச்சு, வேலையை ஒப்படைச்சிட்டுத்தான் போவேன்" என்பது போதும். அரசு வேலை அறிவிப்பு வந்து முடிவு வரவே எவ்வளவு மாதம் ஆகும் என்பதை மேலே பார்த்தோம். அறிவிப்பு வந்த மறுநாளே யாரும் போய்விடுவதில்லை என்பது மேலாளருக்கும் தெரியும். சிலர் இந்தப் பதிலைக் கேட்டு நிராகரிக்கவும் செய்வார்கள். பயிற்சிக்கு நிறையச் செலவிடும் வேலைகளில் அது நடக்கும்.

மூன்றாவது சந்தேகம் வேலை தெரியுமா என்பது. இதை வாயால் தீர்க்க முடியாது, செய்துகாட்டித்தான் தீர்க்க வேண்டும். கோவையில் ஆடிட்டர் அலுவலகங்களிலும் மில், பம்ப் தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவிலும், கணினி முன் உட்காரவைத்து நாலு பில்லைக் கொடுத்து டேலியில் போடச் சொல்வார்கள். மாநிலத்துக்குள் விற்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, வெளிமாநிலத்துக்கு விற்றால் ஐஜிஎஸ்டி என்று தடுமாறாமல் போட வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி 20-ம் தேதி, பிடித்த டிடிஎஸ் கட்டுவது 7-ம் தேதி என்ற மாதச் சுற்று தெரிந்திருக்க வேண்டும். எக்செல்லில் `VLOOKUP` போட்டு இரண்டு பட்டியலை ஒப்பிடத் தெரிந்தால் நல்லது. நான்கைந்து வாரம் தினமும் பழகினால் இவ்வளவும் வந்துவிடும். மூன்றாண்டுக்கு முன் படித்த பாடம் என்ற பேச்சு அதோடு முடியும்.

ஒரு இடத்தில் மட்டும் எந்த விளக்கமும் எடுபடாது. பெரிய நிறுவனங்கள் புதியவர்களை எடுக்கும்போது, குறிப்பிட்ட ஆண்டில் பட்டம் முடித்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருப்பார்கள். அந்த ஆண்டு உங்களுடையது இல்லையென்றால் மென்பொருளே விண்ணப்பத்தைத் தள்ளிவிடும், மனிதர் யாரும் படிக்க மாட்டார். அங்கே நேரம் செலவிடாமல் ஆடிட்டர் அலுவலகம், சிறு தொழிற்சாலை, நிதி நிறுவனக் கிளை போல நேரில் பார்த்து ஆள் எடுக்கும் இடங்களுக்குப் போங்கள்.

வேலை கிடைத்த பிறகு இரண்டு காகித விஷயம் பாக்கி. சில நிறுவனங்கள் இடைவெளிக்கு நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். அவர்கள் கேட்டால் மட்டும் எடுங்கள். முன்கூட்டியே எடுத்தால் அவர்கள் வாசகம் வேறாக இருந்து மறுபடி செலவாகும். பத்திரத்தில் பெயர், முகவரி, இடைவெளி தொடங்கிய தேதி, முடிந்த தேதி, "இக்காலத்தில் போட்டித் தேர்வுகளுக்குத் தயாரித்து வந்தேன், வேறெங்கும் பணியில் இல்லை" என்ற வாக்கியம் இருக்கும். உங்களுக்கு அந்த முடிவுத் தேதி 2024 ஜூன்தான். 2025 என்று தட்டச்சு செய்துவிட்டால், "பணியில் இல்லை" என்ற வரி உங்கள் பிஎஃப் பதிவோடு மோதும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தேதியைப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று அசல் சான்றிதழ்கள். தேர்வுக்குப் படித்தவர் ஓடிவிடுவார் என்ற பயத்தில் சில சிறு நிறுவனங்கள் பட்டச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்ளும். கொடுக்காதீர்கள். காட்டுங்கள், சரிபார்க்கட்டும், நகலில் நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு அசலைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். கட்டாயம் வேண்டும் என்று நின்றால் அந்த வேலையை விட்டுவிட்டு அடுத்த இடத்தைப் பாருங்கள். எந்த வேலைக்குப் போனாலும், எந்தத் தேர்வில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்தாலும், அன்று அசல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.